மெஷின் விலை 3 கோடி தாண்டினா குறுந்தொழில் கிடையாதா?

கேள்வி: "சார், திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கேன். ரெண்டு வருசம் முன்னாடி 3 கோடியே 20 லட்சத்துக்கு மெஷின் போட்டேன். டர்ன்ஓவர் 14 கோடி, அதுல 6 கோடி நேரடி எக்ஸ்போர்ட். நான் குறுந்தொழில்ல வருவேனா, சிறுதொழிலா?"

முதல்ல வரம்பைச் சொல்லிடறேன். 2025 ஏப்ரல் 1-லேர்ந்து இது மாறியிருக்கு. குறுந்தொழில்னா மெஷின் முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ள, டர்ன்ஓவர் 10 கோடிக்குள்ள. சிறுதொழிலுக்கு 25 கோடி, 100 கோடி. நடுத்தரத்துக்கு 125 கோடி, 500 கோடி. ரெண்டுக்குள்ளயும் இருக்கணும். ஒண்ணு தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போயிடுவீங்க.

இப்ப உங்க மெஷினைப் பாருங்க. நீங்க சொன்னது வாங்கின விலை. அரசாங்கம் எடுத்துக்கறது அது இல்ல, வருமான வரி கணக்குல தேய்மானம் போக நிக்கிற மதிப்பு. பொதுவா மெஷினுக்கு வருசம் 15 சதவீதம் தேய்மானம். முதல் வருசம் 2 கோடியே 72 லட்சம், ரெண்டாவது வருசம் சுமார் 2 கோடியே 31 லட்சம். ஆக, இரண்டரைக்குள்ள வந்துட்டீங்க. இடம், கட்டடம், ஃபர்னிச்சர் எதுவும் இதுல சேராது. நிறைய பேர் ஷெட் போட்ட செலவையும் சேர்த்துட்டு பயந்துக்கறாங்க.

டர்ன்ஓவர்ல எக்ஸ்போர்ட்டைக் கழிச்சுடலாம். 14-ல 6 போனா 8 கோடி. இந்தக் கணக்குப்படி நீங்க குறுந்தொழில்தான்.

ஆனா ஒரு விஷயம் கேட்டுக்கங்க. ஈரோட்டுலயோ எங்கயோ வேற ஜிஎஸ்டி நம்பர்ல பிரிண்டிங் யூனிட் ஏதாவது இருக்கா? ஒரே பான் நம்பர்னா எல்லாத்தையும் கூட்டித்தான் பார்ப்பாங்க. அங்க மெஷின் 10 லட்சம், வியாபாரம் இரண்டரைக் கோடின்னு வைங்க. மெஷின் 2 கோடியே 41 லட்சம், அது பரவாயில்ல. டர்ன்ஓவர் பத்தரைக் கோடி ஆயிடுது. அந்த ஒண்ணே போதும், சிறுதொழில். அதே யூனிட் வீட்டம்மா பேர்ல தனி பான்ல இருந்தா சேராது.

அப்படி சிறுதொழில் ஆனாலும் பெருசா கவலைப்படாதீங்க. பில்லுக்கு 45 நாளுக்குள்ள பணம் வரணும்ங்கிற பாதுகாப்பு குறு, சிறு ரெண்டுக்கும் உண்டு. நடுத்தரத்துக்குப் போனாத்தான் அது இல்லாம போகுது. என்னைக் கேட்டா, கவனமா பார்க்க வேண்டிய கோடு அதுதான்.

உங்க ஆடிட்டர்கிட்ட "ஐடி ரிட்டர்ன்ல மெஷினோட தேய்மானம் போக மதிப்பு எவ்வளவு"ன்னு கேளுங்க, அந்த நம்பரை வெச்சுப் பாருங்க. குறுந்தொழில், சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிஞ்சுக்கற உத்யம் பதிவை udyamregistration.gov.in-ல மட்டும் பண்ணுங்க. அதுக்குக் கட்டணமே கிடையாது. ரெண்டாயிரம், மூவாயிரம்னு யாராவது ஃபீஸ் கேட்டா அது அரசாங்க தளம் இல்ல.