'ஆமாங்கய்யா'வுக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் இருந்து வந்திருக்கிறேன். முப்பது வருடமாகக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் மைக் பிடித்து வருகிறேன். இன்றைக்கு ஒரே ஒரு சிரிப்புத் துணுக்கை எடுத்துக்கொண்டு, அதை வாயால் சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தவே கூடாது என்று பேசலாம் என நினைக்கிறேன்.

துணுக்கு இதுதான். எங்கள் தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருந்த ஒரு தாத்தா சொல்வது. விடியற்காலைப் பெரட்டு, அதாவது தோட்டத்து ஆட்களைக் கூட்டி வருகை எடுக்கும் நேரம். தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுகிறார். முந்தைய நாள் வேலைக்கு வராத ஆளைப் பிடித்துக்கொள்கிறார்.

"நேத்து ஏன்டா வரல?"

"பாட்டி இறந்துட்டாங்கய்யா."

"போன வருசமும் பாட்டி செத்துட்டாங்கன்னுதானே லீவு எடுத்தே?"

"ஆமாங்கய்யா. அந்தப் பாட்டியும் நேத்து சாவுக்கு வந்திருந்தாங்க."

இதைத் தாத்தா கடைத்தெருவில் உட்கார்ந்து சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். கையில் வெற்றிலை இருக்கும். கிராணியின் கேள்வியைச் சொல்லும்வரை வெற்றிலையைத் தொடமாட்டார். கேள்வி முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்கய்யா" என்பார். அப்போதுதான் சுண்ணாம்பு டப்பியைத் திறப்பார். கட்டைவிரலால் ஒரு சொட்டு எடுத்து, வெற்றிலையின் முதுகில் காம்புப் பக்கத்தில் இருந்து நுனிவரை ஒரே இழுப்பாகத் தடவுவார். தடவி முடித்ததும், நிமிராமல், மீதி வரியை மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். அத்தனை பேரும் அதற்கு முன்பே கேட்டிருந்தவர்கள்தான்.

பின்னாளில் அவர் குரலைக் கேசட்டில் பதிந்தேன். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தச் சுண்ணாம்பு தடவும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை வினாடி. இது சின்ன நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மொழிகளில் மக்கள் பேசுவதை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்து மற்றவர் பதில் தொடங்கும் இடைவெளி, சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அதில் கண்டார்கள். அப்படிப் பார்த்தால் தாத்தாவின் ஒன்றரை வினாடி நம் காதுக்கு மிகவும் நீளமானது. ஏதோ இருக்கிறது என்று காது விழித்துக்கொள்கிறது.

அந்த ஒன்றரை வினாடியில் கேட்பவர் மனதில் என்ன நடக்கிறது? "சரி, எல்லோருக்கும் இரண்டு பாட்டி உண்டே. போன வருடம் அப்பாவைப் பெற்றவர், இந்த வருடம் அம்மாவைப் பெற்றவர். பையன் தப்பித்துவிட்டான்." இப்படி ஒரு படம் மனதில் வந்து உட்காருகிறது. அது நன்றாக உட்கார்ந்த பிறகுதான் கவிழ்க்க முடியும். நிறுத்தம் அந்தப் படத்துக்காகத்தான்.

ஆகவே நிறுத்தம் 'ஆமாங்கய்யா'வுக்குப் பிறகு. இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் மேடையில் புதிதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினால்தான் சிரிப்பு வரும் என்று நம்பி, "அந்தப் பாட்டியும்..." என்று இழுத்து நிறுத்துவார்கள். போச்சு! 'பாட்டியும்' என்பதில் அந்த 'உம்' இருக்கிறதே, அது பாதியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அங்கே ஒரு வினாடி கொடுத்தால் முன்வரிசையில் இருப்பவர் மீதியைத் தானே கண்டுபிடித்துவிடுவார். சிரிப்பு இங்கொன்று அங்கொன்றாகச் சிதறும். முன்னால் இருப்பவர் சிரித்து முடித்த பிறகு பின்னால் இருப்பவர் சிரிப்பார். மண்டபம் சேர்ந்து அதிராது. நிறுத்தம் இடம் மாறிவிட்டது என்பதற்கு அந்தச் சிதறல்தான் அடையாளம்.

சால்வடோர் அட்டார்டோ, லூசி பிக்கரிங் என்ற இரு ஆய்வாளர்கள், ஆட்கள் ஆங்கிலத்தில் துணுக்குச் சொல்வதைப் பதிவுசெய்து அளந்து பார்த்து 2011-இல் எழுதினார்கள். சிரிப்பு வரிக்கு முன்னால் குறிப்பிடும்படியான நீண்ட நிறுத்தம் எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஏற்கவே முடியவில்லை. தாத்தாவின் கேசட் என் கையில் இருக்கிறதே! அப்புறம் யோசித்தால், நிறுத்தத்தைச் சிரிப்பு வரியோடு ஒட்டவைத்து ஒரு சட்டமாக்கக் கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. மனதில் தப்பான படம் ஒன்று உருவாக வேண்டிய துணுக்குக்குத்தான் நிறுத்தம் தேவை. அதுவும் அந்தப் படம் உருவாகும் இடத்தில். படம் ஏற்கெனவே இருந்தால் சும்மா ஓடிவிட வேண்டியதுதான்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். இதே துணுக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஆளாளுக்குச் சிரிக்கும் முகம் அனுப்பினார்கள். தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது என் அண்ணன் மகள் போனைப் பார்த்து அப்படியே வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை பாவம், முகம் வாடிவிட்டது. நான் போனை வாங்கிப் பார்த்தேன். அதில் கடைசி வரி இப்படி இருந்தது: "அந்தப் பாட்டியும் நேத்து சாவுக்கு வந்திருந்தாங்க" என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டே கிராணியிடம் பதில் சொன்னான்.

கண்ணால் படிக்கும்போது இந்த வால் தொந்தரவு செய்யாது. மேற்கோள்குறி முடிந்ததும் கண் அங்கேயே நின்று சிரித்துவிடும், மீதியைத் தாண்டிவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. பேசுகிறவர் வாய் மூடும்வரை காது காத்திருக்கும். 'வந்திருந்தாங்க' என்ற இடத்தில் எழும்பிய சிரிப்பு, 'என்று அவன்' கேட்டதும் அடங்கிவிடுகிறது. இன்னும் ஏதோ வருகிறது போலிருக்கிறது என்று மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். 'பதில் சொன்னான்' என்று முடியும்போது சிரிப்பு செத்துவிட்டது.

தமிழில் 'என்றான்', 'என்று சொன்னார்' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும் பழக்கம் உடையவை. சொல்லும்போது அவற்றை வெட்டிவிட வேண்டும். யார் பேசுகிறார் என்று குரலை மாற்றிக் காட்டலாம். இல்லையென்றால் முன்னாலேயே வைக்கலாம்: "அவன் தலையைச் சொறிஞ்சான். ஆமாங்கய்யா..." தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது இந்தத் துணுக்குக்குப் பெரிய வரம். 'வந்திருந்தாங்க' என்ற ஒரே சொல்லில்தான் இறந்துபோன பாட்டி எழுந்து நடக்கிறார். அதற்குப் பிறகு ஓர் எழுத்துக்கூட வரக்கூடாது. நான் அவளிடம் வாலை மட்டும் வெட்டிவிட்டு, 'ஆமாங்கய்யா'வுக்குப் பிறகு ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். சமையல்கட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அண்ணியின் சிரிப்புதான் முதலில் கேட்டது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். இன்று செம்பனைத் தோட்டத்தைக் காரில் கடந்து போகிற பிள்ளைகளுக்குப் பெரட்டு தெரியாது, கிராணி தெரியாது. அவர்களுக்கு நிறுத்தத்தை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. அந்த இரண்டையும் கதை தொடங்கும் முன்பே விளக்கிவிட வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். சிரிப்பு வந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். சிரிப்பு ஏறும்போது பேசாதீர்கள், பாதியாக இறங்கும்போது அடுத்த சொல்லைத் தொடங்குங்கள். முந்திப் பேசினால் உங்களைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்குவார்கள், அடுத்த துணுக்குக்கும் அடக்கியே வைத்திருப்பார்கள். வானொலியில் எனக்கு உங்கள் சிரிப்பு கேட்காது, வெற்றிலையும் உங்களுக்குத் தெரியாது. வெறும் மௌனம் விட்டால் நிலையம் நின்றுவிட்டதோ என்று நினைப்பீர்கள். அதனால் இங்கே 'ஆமாங்கய்யா'வுக்குப் பிறகு மூச்சு இழுக்கும் சத்தத்தை மைக்கில் கேட்கும்படி விடுகிறேன். அடுத்த முறை அழைத்தால் அந்தக் கேசட்டையே கொண்டுவருகிறேன். வணக்கம்.