ஷாப்பிஃபைக்குக் கனெக்டரா, ஸ்கிரிப்டா? டாலிக்கு எது?

கேள்வி: அண்ணா, எங்க ஷாப்பிஃபை ஆர்டரும் டாலி வவுச்சரும் தினமும் ராத்திரி டேட்டாபேஸுக்கு வரணும். ஃபைவ்ட்ரான், ஏர்பைட் மாதிரி ரெடிமேட் கனெக்டர் ஏதாவது போடலாமா, இல்ல நானே பைத்தான்ல எழுதிடட்டுமா?

என்னைக் கேட்டா ஷாப்பிஃபைக்குக் கனெக்டர், டாலிக்கு உங்க ஸ்கிரிப்ட்.

ஷாப்பிஃபை ஸ்கிரிப்ட் முதல் நாள் அழகா ஓடும். நேத்து வந்த ஆர்டரை எடுத்து டேபிள்ல போடுறீங்க, அவ்வளவுதான். இப்ப ஒண்ணாம் தேதி 2,400 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வருது, அன்னைக்கு ராத்திரியே எடுத்தாச்சு. ஒன்பதாம் தேதி கஸ்டமர் 800 ரூபாய் பொருளைத் திருப்பி அனுப்பி ரீஃபண்ட் வாங்குறார். ஆர்டர் உருவான தேதி மாறல, அதனால உங்க ஸ்கிரிப்ட் அதைத் திரும்பிப் பார்க்காது. எரரும் வராது. மாசக் கடைசில விற்பனைத் தொகை இடிக்கும்போதுதான் தெரியும். அதனால கேட்க வேண்டியது இப்படி:

```
orders.json?status=any&updated_at_min=...&limit=250
```

போன தடவை ஓடின நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்தே கேளுங்க. வர்றதை ஆர்டர் ஐடி வெச்சு, இருந்தா மாத்து, இல்லைன்னா சேருன்னு எழுதுங்க. `status=any` விட்டீங்கன்னா ஓபன் ஆர்டர் மட்டும்தான் வரும். 60 நாளுக்கு முந்தின ஆர்டருக்குத் தனி அனுமதி வேற வாங்கணும்.

இதையெல்லாம் எழுதிடலாம். ஆனா 2024 அக்டோபர்ல ஷாப்பிஃபைக்காரங்க நான் மேல காட்டின அந்த ரெஸ்ட் ஏபிஐயையே பழசுன்னு ஒதுக்கி, கிராஃப்க்யூஎல்லுக்கு மாறுங்கன்னுட்டாங்க. அந்த மாத்துற வேலையைக் கனெக்டர்காரங்க பார்த்துக்கட்டும். ஒரு எச்சரிக்கை, ஃபைவ்ட்ரான் பில் அந்த மாசம் சேர்ந்த, மாறின வரிகளை வெச்சு வருது. யாராவது பழைய ஆர்டர் எல்லாத்துக்கும் மொத்தமா டேக் போட்டா, அத்தனையும் கணக்குல ஏறிடும். ஏர்பைட்டை நீங்களே நிறுவினா அந்த பில் இல்ல, ஆனா சர்வர் உங்க தலையில.

டாலி கதை வேற. ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல டாலி ஓடிட்டு, கம்பெனியும் ஓபன் ஆகி இருந்தாதான், வழக்கமா 9000 போர்ட்ல எக்ஸ்எம்எல் கேட்டா பதில் வரும். வெளியில இருக்கிற கிளவுட் கனெக்டருக்கு அந்த மெஷின் எட்டாது. அதே மெஷின்லயோ அதே நெட்வொர்க்லயோ சின்ன ஸ்கிரிப்ட் போதும். அக்கவுண்டண்ட் சாயங்காலம் டாலியை மூடிட்டுப் போயிடுவார், அதனால ராத்திரி வேண்டாம், ஆஃபீஸ் மூடுறதுக்கு முன்னாடி ஓட விடுங்க.

ஒவ்வொரு வவுச்சருக்கும் `AlterID` இருக்கு, திருத்தினா அது கூடும். கடைசியா பார்த்த எண்ணுக்கு மேல இருக்கிறதை மட்டும் எடுங்க. அழிச்ச வவுச்சர் இதுல சிக்காது. வாரம் ஒரு தடவை அந்த மாச வவுச்சர் பட்டியலை முழுசா எடுத்து, உங்க டேபிள்ல இருந்தும் அந்தப் பட்டியல்ல இல்லாததை அழிச்சதுன்னு குறிச்சிடுங்க. அப்புறம் ஏதாவது ஒரு நாளுக்கு டே புக்ல இருக்கிற வவுச்சர் எண்ணிக்கையையும் உங்க டேபிள் எண்ணிக்கையையும் வெச்சுப் பாருங்க, இடிச்சா எந்த நாள்னு அங்கேயே தெரிஞ்சிடும்.