ஒட்டுபால் ஒட்டகப் பால் ஆன கதை

வணக்கம். குலசேகரம் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பத்திரம் டைப் அடிப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, இதுதான் தொழில். இன்றைக்குப் பேச வந்தது ரப்பர் பால் விலைக்கு எடுக்கிற ஒரு அண்ணாச்சிக்காக நான் செய்த வேலையைப் பற்றி. கொஞ்சம் பேனா பேப்பர் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் மெதுவாகச் சொல்கிறேன்.

அண்ணாச்சி கடையில் பால் அளக்கிற தம்பி, பால் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் கணக்கை ஒரு எக்செல் ஷீட்டில் தட்டி வைப்பான். ஓணத்துக்கு முன்னால் எல்லாருக்கும் வாட்ஸாப்பில் கணக்கு போக வேண்டும் என்று அண்ணாச்சி அந்த ஷீட்டை என்னிடம் கொடுத்தார். 430 வரி. தம்பி எழுதியதில் ஒன்று இப்படி இருந்தது: "தங்கப்பன் பால் 42.5 கிலோ டிஆர்சி 34 தொகை 2,601 போன வாட்டி தண்ணி கலந்ததுனால கொறஞ்சு அட்வான்ஸ் இதுல பிடிக்கல". டிஆர்சி என்பது நூறு கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்ற கணக்கு. இப்படியே அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? வயசில் மூத்தவர்கள். மரியாதையாக மாற்றித் தர வேண்டும், ஆனால் பெயரும் கணக்கும் ஒரு புள்ளி மாறக்கூடாது. ஒவ்வொன்றிலும் விஷயம் வேறு வேறு என்பதால் ஒரே மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிப் போடவும் முடியாது. எனவே ஏஐ.

முதல் நாள் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். மொத்த வரியையும் ஒட்டி, "மரியாதையாக மாற்று, பெயரும் எண்ணும் மாறக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன். 430 போனது, 423 திரும்பி வந்தது. எந்த ஏழு காணாமல் போனது என்று தேடுவதற்குள் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. இராஜமணி ராஜமணி ஆகிவிட்டார், அய்யப்பன் ஐயப்பன் ஆகிவிட்டார், உலர்ந்த ரப்பர் 14.45 கிலோ என்றிருந்தது 14.5 ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒட்டுபால். மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்வதை நாம் ஒட்டுபால் என்கிறோம் இல்லையா, அதை எழுத்துப்பிழை என்று நினைத்து ஒட்டகப் பால் என்று திருத்தி வைத்திருந்தது. பேச்சிப்பாறையில் ஒட்டகம் வளர்க்கிறார்களா என்று அண்ணாச்சி கேட்டார்.

மாற்றாதே என்று சொல்லியும் ஏன் மாற்றுகிறது? அது நகல் எடுப்பதில்லை. அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் புதிதாகவே எழுதுகிறது. அதிகம் புழங்கும் எழுத்துக்கூட்டல் எதுவோ அந்தப் பக்கம் இழுக்கும். நாம் எத்தனை கண்டிப்பாகச் சொன்னாலும் தவறு குறையுமே தவிர நிற்காது. 430 வரியில் நான்கு பேருடைய தொகை மாறினாலே அண்ணாச்சி கடை முன்னால் கூட்டம் கூடிவிடும்.

அதனால் பெயரையும் எண்ணையும் அதன் கையில் கொடுக்காமலே விட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் வைத்து, மாற்றி எழுதி வந்த பிறகு திரும்ப நிரப்புவது. நம் ஆட்களின் பெயரும் வரவுசெலவும் வெளியே போகாது, அது ஒரு கூடுதல் லாபம். அடையாளத்தை முதலில் தமிழிலேயே `[[041தொகை]]` என்று வைத்தேன். அதுவும் வினையாகிவிட்டது, `[[041தொகையை]]` என்று வேற்றுமை உருபைச் சேர்த்துத் தந்தது. தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளை. அப்புறம் ஆங்கில எழுத்துக்கு மாறினேன்: பெயருக்கு `[[041P]]`, எடைக்கு `[[041W]]`, டிஆர்சிக்கு `[[041D]]`, தொகைக்கு `[[041T]]`. உள்ளே இருக்கும் 041 வரியின் எண், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஷீட்டில் A பத்தியில் வரி எண், B பெயர், C எடை, D டிஆர்சி, E தொகை, F தம்பியின் வாசகம். மறைப்பதற்கு இந்த ஃபார்முலா. இதில் பெயரும் டிஆர்சியும் மட்டும் இருக்கிறது, எடையையும் தொகையையும் இதே மாதிரி சேர்த்துக்கொள்ளலாம்.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(F2,B2,"[["&A2&"P]]"),"டிஆர்சி "&D2,"டிஆர்சி [["&A2&"D]]")
```

டிஆர்சி என்ற சொல்லையும் சேர்த்து ஏன் தேடுகிறேன் என்றால், வெறும் 34 என்று தேடினால் 2,345 என்ற தொகைக்குள் இருக்கும் 34-ஐயும் பிடித்துவிடும், 034-ஆம் வரியாக இருந்தால் நாமே வைத்த அடையாளத்துக்குள்ளேயே இன்னொரு அடையாளத்தைச் செருகிவிடும். எனக்கு அப்படி நடந்தது. எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கிற சொல்லோடு சேர்த்துத்தான் தேட வேண்டும். தொகைப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாகவே வையுங்கள், 2601 என்றும் 2,601 என்றும் இருந்தால் பொருந்தாது. வரி எண்ணும் அப்படித்தான், இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். எல்லாம் முடிந்து இலக்கம் மிச்சம் இருக்கிற வரிகளைக் கையால் சரிசெய்தேன், தம்பி முப்பது இடத்தில் தேதியும் எழுதியிருந்தான்.

இனி நம் தமிழுக்கே உரிய சிக்கல். `[[041P]]க்கு` என்று எழுதித் தந்தது. பெயரை நிரப்பினால் "தங்கப்பன்க்கு". தங்கப்பனுக்கு, மேரிக்கு, ஜோஸுக்கு என்று பெயருக்குப் பெயர் மாறுவதை அடையாளத்தில் ஒட்ட முடியாது. இதற்கு வழி நம் மரியாதைப் பேச்சிலேயே இருக்கிறது: பெயருக்குப் பின்னால் "அவர்கள்" வந்தால் உருபு அதில் போய் ஏறிக்கொள்ளும், பெயர் அப்படியே நிற்கும். தங்கப்பன் அவர்களுக்கு, மேரி அவர்களுக்கு. எண்ணுக்குப் பின்னால் கிலோ, முன்னால் ரூபாய்.

ஏஐக்குக் கொடுக்க எழுதிப் பார்த்த பிராம்ப்டுகள் மூன்று. ஒன்று இரண்டு வரி, இன்னொன்று பதினான்கு விதி, மூன்றாவது நான்கு விதியும் இரண்டு மாதிரியும். எதை எடுப்பது என்று தெரிந்துகொள்ள ஷீட்டின் முதல் இருபது வரியை எடுத்தால் பயனில்லை, அவை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். வம்பான 25 வரியைப் பொறுக்கினேன்: ஒரே வரியில் இரண்டு பெயர், தொகையே இல்லாதது, ஒட்டுபாலும் ரப்பர் ஷீட்டும் சேர்ந்தது, பாதி மலையாளம், "பிடிக்கல", "வரல" என்று மறுப்பு உள்ளது. மூன்றையும் அந்த 25-இலேயே ஓட்டி, எத்தனை வரி கெட்டது என்று எண்ணினேன். பதினான்கு விதி கொடுத்ததில் விதிகள் ஒன்றை ஒன்று மறைத்ததுபோல இருந்தது, நடுவில் இருந்ததைக் கவனிக்கவே இல்லை. மாதிரி காட்டியதுதான் குறைவாகக் கெடுத்தது. அது இது:

```
கீழே உள்ள ஒவ்வொரு வரியையும் மரியாதையான, எளிய தமிழில் மாற்றி எழுது.
1. [[ ]] உள்ளே இருப்பதை மாற்றாதே, விடாதே, அதோடு உருபு ஒட்டாதே. பெயருக்குப் பின் "அவர்கள்" சேர்.
2. வரியில் இல்லாத காரணம், தேதி, எண் எதையும் சேர்க்காதே.
3. பால் = ரப்பர் பால். ஒட்டுபால், ஷீட், டிஆர்சி: இவற்றை அப்படியே விடு.
4. வரி எண், | குறி, வாசகம். ஒரு வரிக்கு ஒரு வரி.
```

இதன் கீழே, மாற்றுவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு மாதிரி வரி. ஒன்றில் கட்டாயம் மறுப்பு இருக்கட்டும். ஒரு தடவைக்கு இருபது வரிதான் கொடுத்தேன். நூறு கொடுத்தால் இரண்டு வரியை ஒன்றாக்கிவிடும், அல்லது ஒன்றை விழுங்கி அடுத்ததை மேலே ஏற்றிவிடும். மேரிக்குப் போக வேண்டிய கணக்கு தங்கப்பனுக்குப் போனால், படிக்கிறபோது இரண்டும் ஒழுங்காகத்தான் தெரியும், கண்ணுக்குத் தப்பிவிடும். அடையாளத்துக்குள் 041 என்று வரி எண்ணைப் போட்டது இதற்குத்தான்.

திரும்பி வந்ததை | குறியில் பிரித்து, வரி எண்ணை விட்டு வாசகத்தை மட்டும் H பத்தியில் ஒட்டி, மறைத்த வாசகம் இருக்கும் G-யோடு ஒப்பிடுகிறேன்:

```
=ISNUMBER(FIND("[["&A2&"T]]",G2))=ISNUMBER(FIND("[["&A2&"T]]",H2))
```

TRUE என்றால் முன்னாலும் பின்னாலும் ஒத்துப்போகிறது. FALSE வந்தால் அடையாளம் தொலைந்திருக்கிறது, அல்லது வேறு வரி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு எழுத்துக்கும் நான்கு பத்தி. அடுத்து, அடையாளத்தை எடுத்துவிட்டால் வாசகத்தில் ஒரு இலக்கம்கூட இருக்கக்கூடாது, இருந்தால் அது தானாகப் போட்டது. கூகுள் ஷீட்டில்:

```
=REGEXMATCH(REGEXREPLACE(H2,"\[\[[0-9]+[PWDT]\]\]",""),"[0-9]")
```

இங்கே TRUE வந்தால்தான் வம்பு. ஒரு வரியில் "3 நாட்களுக்குள் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று வந்திருந்தது, அண்ணாச்சி அப்படிச் சொல்லவே இல்லை.

இரண்டையும் தாண்டி வருகிற தவறு உண்டு, அதற்குக் கண்தான். "அட்வான்ஸ் இதுல பிடிக்கல" என்பது "முன்பணம் இதில் பிடித்தம் செய்யப்பட்டது" என்று தலைகீழாகியிருந்தது. அடையாளம் எல்லாம் சரி, எண் எதுவும் இல்லை, ஃபார்முலாவுக்கு எல்லாம் சரி. எழுத்தில் எழுதிய எண்ணும் அப்படித்தான், "ரெண்டு வாளி" மாறினால் அதற்குத் தெரியாது. அதனால் தம்பியின் வாசகத்தில் "ல்ல", "க்கல", "வரல", "ரெண்டு", "மூணு" என்று இருக்கிற வரிகளை மட்டும் வடிகட்டி, பழையதும் புதியதும் பக்கத்தில் வைத்து முழுக்கப் படித்தேன். எழுபது சொச்சம் வந்தது, ஒரு மணி நேரம். புதிய வாசகம் பழையதில் பாதிக்கும் குறைவாக இருந்தாலோ இரண்டு மடங்குக்கு மேல் போனாலோ அதையும் படித்தேன். நீண்டு போன ஒன்றில் "தண்ணி கலந்ததுனால" என்பதை "தொடர் மழையால்" என்று நாகரிகமாக மாற்றி வைத்திருந்தது. அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போய் அப்படியே விடச் சொன்னார், நான் விடவில்லை. மழை பெய்ததா இல்லையா என்பது பால் கொடுத்தவருக்குத் தெரியும் அல்லவா.

பெயரையும் எண்ணையும் நிரப்பிய பிறகு கடைசியாக ஒரு தடவை `[[` என்று தேடினேன், ஒன்றும் இல்லை. 430-ம் போனது. மறுநாள் காலையில் ஒரு போன். "மக்களே, கணக்கு நல்லாத்தான் எழுதியிருக்கு, அவர்கள் எல்லாம் போட்டிருக்கு. ஆனா என் பேரு செல்லப்பன், நீங்க செல்லபன்னு போட்டிருக்கீங்க." ஷீட்டைத் திறந்து பார்த்தேன். B பத்தியில் ஏப்ரல் மாதத்திலிருந்தே தம்பி அப்படித்தான் தட்டியிருக்கிறான்.