36 முட்டைகளும் ஒரு ரத்தக் கோடும்

(பெங்களூரு அல்சூரில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967-இல் வந்த நாவல். அதன் முழுக்கதைக்குள் இன்று போகப்போவதில்லை. ஒரு ரத்தக் கோட்டின் பின்னால் மட்டும் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்.

ஹோசே அர்க்காதியோ என்கிற மகன், தன் வீட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்துகிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் கசிந்து தெருவுக்கு வருகிறது. படி இறங்குகிறது, நடைபாதை மேட்டில் ஏறுகிறது, துருக்கியர் தெருவைக் கடந்து ஒரு முனையில் வலது பக்கம், இன்னொரு முனையில் இடது பக்கம் திரும்பி, அவன் பிறந்த வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே கம்பளம் கறையாகக் கூடாது என்று சுவரோரமாகப் போகிறது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி வளைகிறது. ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் தங்கை அமரந்தாவின் நாற்காலிக்கு அடியில், அவளுக்குத் தெரியாமலே, ஊர்ந்து அடுப்படிக்கு வந்துவிடுகிறது. அங்கே அம்மா உர்சுலா ரொட்டிக்காக 36 முட்டைகளை உடைக்கத் தயாராக நிற்கிறாள்.

இதே விஷயத்தை, 'மாயமாக ஒரு ரத்த ஆறு ஊரெங்கும் பாய்ந்தது' என்று எழுதியிருந்தால் நமக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்பளத்துக்கு ஒதுங்கியதுதான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அம்மா வீட்டில் எதைக் கறையாக்கினால் திட்டு விழும் என்று அந்த ரத்தத்துக்குத் தெரிந்திருக்கிறது. அது அந்த வீட்டுப் பிள்ளையின் ரத்தம். நம் ஊரில் எழுதினால் அது சிவாஜி நகரில் கிளம்பி, ஃபுட்பாத்தில் ஏறி இறங்கி, அல்சூர் வீட்டு வாசலில் கோலத்தை அழிக்காமல் ஓரமாக நுழையும்.

அப்புறம் உர்சுலா என்ன செய்கிறாள்? கடவுளின் தாயை அழைத்துக் கத்துகிறாள், பதறத்தான் செய்கிறாள். ஆனால் ரத்தம் எப்படித் தெருத்தெருவாக நடந்து வந்தது என்று கேட்பதில்லை. யாருடைய ரத்தம் என்றுதான் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போகிறாள். கதை சொல்பவரும் அப்படியே. கதை நடக்கும் ஊரான மகோந்தாவில் கடைசிவரை துலங்காத மர்மம் என்று அவர் குறிப்பிடுவது அந்தச் சாவைத்தான். ரத்தம் நடந்தது அவருக்கு மர்மமே இல்லை. நடக்க முடியாததை அன்றாட நடப்பாகவே சொல்லும் மாய யதார்த்தத்தின் நுட்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வியப்பு இல்லாமல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

'இதெல்லாம் நம் புராணத்தில் இல்லாததா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணகி மதுரையை எரித்தாள் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு: கற்பு, தவறிய நீதி. புராணத்தில் வரமோ சாபமோ தவமோ பின்னால் நிற்கும். இந்த நாவலில் பேரழகி ரெமெதியோஸ் ஒரு பிற்பகலில் வானத்துக்குப் போய்விடுகிறாள். அவள் தவம் செய்தவள் இல்லை, போனதற்குக் காரணமும் சொல்லப்படுவதில்லை. தோட்டத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது காற்று அடிக்கிறது, விரிப்புகளோடு மேலே போகிறாள். தம்பி மனைவி ஃபெர்னாண்டா பொறாமையோடு அதை அற்புதம் என்று ஒத்துக்கொண்டு, விரிப்புகளையாவது திருப்பி அனுப்பும்படி வெகு நாள் கடவுளிடம் வேண்டுகிறாள். ரெமெதியோஸை எப்படி மேலே அனுப்புவது என்று தெரியாமல் இருந்ததாகவும், காற்றோடு மல்லுக்கட்டித் துணி காயப்போட்ட ஒரு பெண்ணைப் பார்த்த பிறகுதான் வழி கிடைத்ததாகவும் மார்க்கேஸே சொல்லியிருக்கிறார். இந்த வகையில் நம்மவர்கள் எழுதும் பல கதைகள் சறுக்குவதும் இங்கேதான். தாத்தா பறப்பார், பேரன் வாயைப் பிளந்து நிற்பான், கடைசிப் பத்தியில் அது கனவு என்றோ, விடுதலையின் குறியீடு என்றோ விளக்கம் வந்துவிடும். விரிப்பைத் திருப்பிக் கேட்க அங்கே ஆள் இருக்காது.

சரி, வியப்பு இடம் மாறி எங்கே போகிறது? 1928 டிசம்பரில், கொலம்பியாவின் சியெனகாவில், அமெரிக்கக் கம்பெனியின் வாழைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களை ராணுவம் சுட்டது. இது வரலாறு. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்னமும் ஒத்த கருத்து இல்லை. நாவல் 3,000 பேர் என்கிறது. பிணங்களை ஏற்றிப்போகும் ரயிலில், அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த ஹோசே அர்க்காதியோ செகுந்தோ கண் விழிக்கிறான். குதித்துத் தப்பி, கொட்டும் மழையில் நடந்து மகோந்தாவின் எல்லையில் ஒரு வீட்டுக்கு வருகிறான். அடுப்படியில் ஒரு பெண் காபி கொடுக்கிறாள். 3,000 பேராவது இருக்கும் என்கிறான். இங்கே யாரும் சாகவில்லையே என்கிறாள் அவள்.

நடக்கும் ரத்தத்தைக் கேள்வி கேட்காமல் பின்தொடர்ந்த ஊர் அது. அன்று அவன் தன் வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று அடுப்படிகளில் நிற்கிறான். மூன்றிலும் அதே பதில்தான்.