வாரும் எண்டா ஆருக்கு, வாங்கோ எண்டா ஆருக்கு

(எங்கட ஊர் வாசிகசாலையில கதைச்சது, கேட்ட பிள்ளையள் எழுதித் தரச்சொன்னபடியால் கதைச்ச மாதிரியே எழுதுறன்)

எல்லாருக்கும் வணக்கம். இப்ப மேடையில நிண்டு வணக்கம் எண்டு சொன்னன், நீங்களும் கையெடுத்தீங்கள், சரி. ஆனா இந்தக் கூட்டம் முடிஞ்சு நான் இறங்கிப் போய் முன் வரிசையில இருக்கிற எங்கட மாமியிட்ட வணக்கம் மாமி எண்டு சொன்னா அவ என்ன நினைப்பா, இவனுக்கு என்னோட ஏதும் கோவமோ எண்டுதான் நினைப்பா. வன்னியில வணக்கம் எண்ட சொல்லுக்கு இடம் இருக்கு, மேடை, பள்ளிக்கூடம், கச்சேரி, தெரியாத ஆளுக்கு எடுக்கிற போன் கோல், இதுகளில அதுதான் மரியாதை. சொந்தக்காரர் வீட்டுப் படலைக்குள்ள அதைக் கொண்டு போனா அது உங்களை விருந்தாளியா மாத்திப்போடும்.

அப்ப வீட்டில என்னத்தால மரியாதை சொல்லுறம்? முதல்ல முறைப்பேர், அம்மம்மா, பெரியப்பா, சின்னம்மா, மாமி, அண்ணை, அக்கா எண்டு கூப்பிடுறது. அடுத்தது வினைச்சொல்லின்ர வால். வா, வாரும், வாங்கோ. எழுதேக்க வாருங்கள் எண்டு எழுதுவம், கலியாணக் கார்ட்டில வருக எண்டு போடுவம், அதை ஆரும் வாயால சொல்லுறேல்ல, அதால அதை விட்டிடுவம். மற்ற மூண்டும்தான் ஒவ்வொரு நாளும் எங்கட வாயில வாறது, அதில நடுவில நிக்கிற வாரும் எண்டதுதான் இண்டைக்கு நான் கதைக்க வந்த விசயம், ஏனெண்டா பிள்ளையள் சறுக்கிற இடம் அதுதான்.

ஒரு சம்பவம் சொல்லுறன். என்ர தங்கச்சியின்ர மகன், கனடாவில பிறந்தவன், பத்தொன்பது வயசு, போன வருசம் முதல் தடவையா ஊருக்கு வந்தான். நல்ல பெடியன், தமிழ் கதைக்கோணும் எண்டு ஆசை உள்ளவன். எங்கட அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். அக்கா அவனுக்குப் பெரியம்மா, ரெண்டு நாளா அவனுக்கெண்டு பலகாரம் சுட்டு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தவ. படலையடியில நிண்டு கையைக் கூப்பி வணக்கம் பெரியம்மா எண்டான், அதை அக்கா சிரிச்சுக்கொண்டு வா ராசா எண்டு ஏத்துக்கொண்டா. உள்ள போய் இருந்த உடன அவ நிண்டுகொண்டிருக்கிறதைப் பாத்திட்டு அவன் சொன்னான், இரும் பெரியம்மா, எப்பிடி இருக்கிறீர், உமக்குச் சுகமோ எண்டு.

அக்கா ஒண்டும் சொல்லேல்ல. ஆனா முகம் மாறினது எனக்குத் தெரிஞ்சுது, தேத்தண்ணி போடுறன் எண்டு குசினிக்குள்ள போனவ வெளிய வர நேரமெடுத்துது. பேந்து என்னட்டத் தனியச் சொன்னா, தம்பி, என்னை என்ன அவன்ர மனிசி எண்டு நினைச்சானோ.

அந்தச் சொல்லில முழு விளக்கமும் இருக்கு. நான் பெடியனைக் கேட்டன், இந்த இரும், இருக்கிறீர் எல்லாம் ஆரட்டப் பழகினனீ எண்டு. அவன் சொன்னான், அப்பா அம்மாவோட அப்பிடித்தான் கதைக்கிறவர், அது நல்ல மரியாதையாக் கேக்கும் எண்டு. பாருங்கோ, பிழை அவனில இல்லை. எங்கட பக்கத்தில புருசன் மனிசியை நீர் எண்டு கூப்பிடுறது வழக்கம், இஞ்சாரும், வாரும், சாப்பிடும் எண்டு. மனிசி திருப்பி நீங்கள் எண்டும் இஞ்சாருங்கோ எண்டும் சொல்லுவா. பிறதேசத்தில பிறந்த பிள்ளைக்கு வீட்டில காதில விழுற தமிழ் அவ்வளவுதான். அதில தகப்பன்ர வாயில வந்த மரியாதைச் சொல்லை எடுத்து பெரியம்மாக்குக் குடுத்திட்டான்.

அப்ப நீர் எண்டது மரியாதைச் சொல்லோ இல்லையோ? மரியாதைதான், ஆனா மேல இருந்து கீழயோ, சமமாப் பக்கத்திலயோ குடுக்கிற மரியாதை. மாமியார் மருமகளுக்கு வாரும் பிள்ளை எண்டு சொல்லுறா, உயர்தரம் படிக்கிற பெடியனை ரீச்சர் நீர் எழும்பிச் சொல்லும் எண்டு சொல்லுறா, கந்தோரில பெரியவர் புதுசா வந்த பிள்ளையிட்ட அதில இரும் எண்டு சொல்லுறார், புதுசா அறிமுகமான ஒரே வயசுக்காரர் ரெண்டு பேர் கொஞ்சக் காலம் நீர் நீர் எண்டு கதைச்சிட்டுப் பேந்து நீ எண்டதுக்கு இறங்குவினம். எல்லாத்திலயும் கருத்து ஒண்டுதான், நீ எண்டு சொல்ல எனக்கு இடமிருக்கு, இருந்தாலும் உம்மை மதிச்சு அப்பிடிச் சொல்லேல்ல எண்டது. அந்த இடம் ஒரு பத்தொன்பது வயசுப் பெடியனுக்குப் பெரியம்மாவில இல்லை. அதுதான் அக்காவுக்குக் குத்தினது.

இதில குழப்பம் வர இன்னொரு காரணமும் இருக்கு. பழைய தமிழில நீர் எண்டது பன்மை, நன்னூலில நீயிர், நீவிர் எண்டதுகளோட சேந்து நிக்குது. பிறகு ஒராளையே மதிச்சுக் கூப்பிடுறதுக்கு வந்து, நீங்கள் எண்டது எழும்பி மேல இடத்தைப் பிடிச்ச உடன நீர் ஒரு படி கீழ இறங்கிட்டுது. ஆனா செபத்தில இறங்கேல்ல. மடுமாதாவிட்டப் போய் மண்டாடுற சனம் உம்மை, உமது எண்டுதான் மண்டாடுறது. கோயிலில மாதாவையே உம்மை எண்டு சொல்லலாம், பெரியம்மாவைச் சொல்லக்கூடாதோ எண்டு என்ர மருமகன் கேட்டான், நல்ல கேள்வி. செபம் பழைய மொழியை அப்பிடியே வைச்சிருக்கு, வீட்டுக் கதை மாறிட்டுது எண்டு சொன்னன், விளங்கினது.

அடுத்த நாள் அவனைத் திருப்பி அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முதல் வழியில ஓட்டோக்குள்ள வைச்சுச் சொல்லிக் குடுத்தன். வணக்கத்தை விடு. படலையைத் திறக்கேக்கயே பெரியம்மா எண்டு கூப்பிடு, அந்தக் கூப்பிடுறதுதான் வணக்கம். அவ வா எண்டு சொல்லும் வரைக்கும் நில். பேந்து எப்பிடிப் பெரியம்மா இருக்கிறியள் எண்டு கேள், இருக்கிறீர் இல்லை, இருக்கிறியள். அவ நிண்டா நீங்கள் இருங்கோ பெரியம்மா எண்டு சொல்லு. உமக்கு எண்டு வாயில வந்தா உங்களுக்கு எண்டு மாத்து. சந்தேகம் வந்தா கடைசியில ஓ கேக்குதோ எண்டு பார், வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ, அப்பிடிக் கேட்டா மூத்தாக்களோட பிழைக்காது. நாலைஞ்சு தரம் சொல்லிப் பாத்தான், போய்ச் சரியாச் சொன்னான், அக்கா அவன்ர தலையைத் தடவி இரு ராசா எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு மணித்தியாலம் அவன்ர தாய் சின்னனில செய்த குழப்படியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா.

கீழ போற பக்கம் லேசு எண்டு நினைப்பியள், அங்கயும் ஒரு வழக்கம் இருக்கு. ரெண்டு மூண்டு வயசுக் குழந்தையைப் பாத்து வாங்கோ குஞ்சு, சாப்பிடுங்கோ செல்லம் எண்டு கூப்பிடுறம். வெளியாக்களுக்கு இது புதினமா இருக்கும், இவ்வளவு சின்னனுக்கு ஏன் இந்த மரியாதை எண்டு. பிள்ளை கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும், அதால அது எங்களுக்குச் சொல்ல வேண்டியதை நாங்கள் முதல்ல அதுக்குச் சொல்லுறம். பள்ளிக்கூடம் போய் வளர வளர வாங்கோ எண்டது தானா வா எண்டு இறங்கும், அதுக்குள்ள பிள்ளைக்கு வால் பழகியிடும். என்ர மருமகனுக்கு வீட்டில இது நடக்கேல்ல, தாய் தகப்பன் ரெண்டு பேரும் வேலை, சின்னனில அவனோட கதைச்சது டேகெயாரில இங்கிலிஸ்.

ஒத்த வயசுக்காரருக்கு நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை, என்ன மச்சான், எப்ப வந்தனீ, அவ்வளவுதான். ஒண்டு மட்டும், ஒரு வயசு மூத்தாலும் அண்ணை அக்கா எண்டது விடுபடக்கூடாது, முறைப்பேர் சொல்லிப்போட்டு நீ எண்டு கதைச்சாலும் எங்கட வீடுகளில ஏத்துக்கொள்ளுவினம், வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நீங்கள் எண்டு கதைச்சாலும் ஏத்துக்கொள்ளாயினம்.

இன்னொரு விசயத்தையும் இஞ்ச சொல்லத்தான் வேணும், ஏனெண்டா வன்னி ஒரே பேச்சுள்ள இடமில்லை. 77 கலவரத்துக்கும் 83 கலவரத்துக்கும் பிறகு மலையகத்தால வந்து குடியிருந்த குடும்பங்கள் இஞ்ச நிறைய, 95 இடப்பெயர்வில யாழ்ப்பாணத்தால வந்து நிண்டிட்ட ஆக்களும் இருக்கினம். மலையகத்தால வந்த ஐயா ஒருத்தர் வாங்க, உக்காருங்க எண்டு சொல்லுவார், அவற்ற பேச்சில நீர் எண்ட நடுப்படி இல்லை, நீ இருக்கு நீங்க இருக்கு, ரெண்டுதான். அவற்ற வீட்டுப் பிள்ளையைப் பாத்து எங்கட ஆக்கள் வாரும் தம்பி எண்டா, அதை மரியாதை எண்டு எடுக்கிறதோ தள்ளி வைக்கிறது எண்டு எடுக்கிறதோ எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போகும். அப்பிடியான இடத்தில நான் நீர் எண்டதைப் பாவிக்கிறேல்ல, நீங்கள் எண்டே கதைப்பன், அது எல்லாற்ற காதுக்கும் ஒரே மாதிரித்தான் கேக்கும். அதே மாதிரி அவையள் வாங்க எண்டு சொல்லேக்க ஓ இல்லை எண்டதை வைச்சு மரியாதை குறைஞ்சுது எண்டு எங்கட ஆக்கள் நினைக்கக்கூடாது, அவையின்ர பேச்சில அதுதான் முழு மரியாதை.

வெளிக்கிடேக்க சொல்லுறதும் வணக்கத்தோட சேந்ததுதான். போறன் எண்டு சொல்லக்கூடாது, போட்டு வாறன். பெரியாக்களிட்ட அப்ப போட்டு வரட்டோ எண்டு கேக்கிறது இன்னும் நல்லது, அவை சரி போட்டு வா எண்டு சொன்ன பிறகுதான் படியிறங்கிறது. ஆரும் வெளிக்கிட்டு வாசலில நிக்கேக்க எங்க போறியள் எண்டு கேக்கிறேல்ல, சகுனம் பிழைக்கும் எண்டு பழைய ஆக்கள் பேசுவினம், தூரமோ எண்டு கேப்பினம்.

கேள்வி கேக்கிற நேரத்தில பின்னால இருந்த ஒரு பிள்ளை எழும்பி, செத்த வீட்டுக்குப் போனா என்ன சொல்லுறது எண்டு கேட்டா. அங்க இந்த ஒண்டுமே இல்லை பிள்ளை. வீட்டுக்காரர் வாங்கோ எண்டு கூப்பிடமாட்டினம், நாங்களும் சுகமோ எண்டு கேக்கிறேல்ல. போய்க் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது. திரும்பேக்க போட்டு வாறன் எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ, சொல்லாமலே எழும்பி வாறதுதான்.