தாமதம் பற்றிய கடிதத்துக்குப் பிரெஞ்சில் ஒரு பதில்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலும் மண்ணடியிலும் உள்ள துணி ஏற்றுமதிக் கடைகளுக்குப் பிரெஞ்சு மொழியில் கடிதம் எழுதிக் கொடுப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். இன்று ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். சரக்கு தாமதமாகும் என்று பிரான்சிலிருந்து மின்னஞ்சல் வந்தால், அதற்கு நாம் எழுதவேண்டிய பதிலைப் பற்றியது அது.

எம்.சி. ரோட்டுக்கு அருகே சிறிய ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் ஒரு தம்பி, சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் என்னைத் தேடி வந்தார். பெண்களுக்கான பருத்தி இரவு உடைகள் நான்காயிரம் தைத்து அனுப்ப அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். கழுத்தைச் சுற்றித் தைக்கும் லேஸ், வட பிரான்சின் கோத்ரி நகரத்துப் பக்கத்திலிருந்து வரவேண்டும். உடைக்கு அறுபது சென்டிமீட்டர் வீதம் மொத்தம் 2,400 மீட்டர். அந்தப் பகுதியில் லேஸ் நெய்யும் லீவர்ஸ் தறிகளில் நூறு ஆண்டைத் தாண்டியவை பல உண்டு. ஒன்று பழுதானால் உதிரி உறுப்பு எளிதில் கிடைக்காது. அப்படித்தான் ஒரு தறி நின்றுவிட்டது, மார்ச் 10ஆம் தேதி கிளம்பவேண்டிய சரக்கு மூன்று வாரம் தாமதமாகும் என்று லேஸ்காரர் எழுதியிருந்தார். “ஆனாலும் பாதிச் சரக்கைப் பதினைந்து நாளில் அனுப்பிவிடுகிறார்களாம் ஐயா, நான் என் வாங்குநருக்கு உறுதி சொல்லிவிட்டேன்” என்றார் தம்பி. மின்னஞ்சலை வாங்கிப் படித்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த வாக்கியத்தில் ‘எவாந்துயெல்மான்’ என்று ஒரு சொல் இருந்தது. நம் தம்பி மேல்நிலைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர். நம் ஊரில் அப்படிப் படித்தவர்கள் எத்தனையோ பேர். அவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும், அதைப் போலவே ஒலிக்கும் ‘ஈவென்ச்சுவலி’ என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்து, ‘முடிவில் அனுப்பிவிடுவோம்’ என்று பொருள்கொண்டுவிட்டார். பிரெஞ்சில் அதன் பொருள் ‘ஒருவேளை’, ‘இயலுமானால்’ என்பதுதான். போதாக்குறைக்கு அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லும் ‘அனுப்புவோம்’ என்று இல்லை. ‘அனுப்பக்கூடும்’ என்னும் பொருளில் ‘பூரியோன்’ என்று இருந்தது. ஆக, லேஸ்காரர் ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை பின்வாங்கியிருக்கிறார், நம்மவர் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு இன்னொருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சொல் கண்ணில் பட்டால், அருகிலுள்ள வினைச்சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் தயங்கினால் அங்கே உறுதி எதுவும் இல்லை.

இதை நான் போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பதால் என்னைக் கேலி செய்பவர்களும் உண்டு: பிரெஞ்சுக் கடிதத்துக்கு ஆங்கிலத்தின் வழியாகப் போகாதீர்கள், தமிழிலிருந்து நேரே போங்கள். ‘நூ அக்யூஸோன் ரெசெப்ஸியோன்’ என்று தொடங்கினால் அதில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை. ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ என்று நம் பெரியவர்கள் எழுதிய அதே தொடர்தான் அது. ‘நூ வூ துமாந்தோன்’ என்பதை ஆங்கில ஒலியை வைத்து மிரட்டல் என்று எண்ணித் தம்பி தம் வரைவிலிருந்து அடித்துவிட்டார். அதற்கு ‘தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்பதற்கு மேல் பொருளில்லை. அதேபோல், ‘தெலே’ என்றால் தாமதம் அல்ல, தவணைக் காலம். தாமதத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘ருதார்’. தம்பியோ ‘உங்கள் தவணையால் எங்களுக்கு நட்டம்’ என்று எழுதி வைத்திருந்தார். படிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட கால அளவையே இவர் இப்போது குறை சொல்கிறாரோ என்று தோன்றும்.

இப்படிப் பணிவான சொல்லை அடித்தவர், மிகக் கடுமையான சொல் ஒன்றைத் தெரியாமலே சேர்த்திருந்தார். ‘மீஸ் ஆன் துமேர்’ என்னும் தொடரை அகராதியில் பார்த்து, ‘அவசர வேண்டுகோள்’ போல இருக்கட்டும் என்று போட்டுவிட்டார். அது பிரெஞ்சுச் சட்டத்தில் முறையான எச்சரிக்கை அறிவிப்பு. அதைக் கொடுத்து, நியாயமான தவணையும் கொடுத்து, அதற்குப் பிறகும் காரியம் நடக்காவிட்டால் இழப்பீடு கேட்கலாம் என்பது அவர்களுடைய உரிமையியல் சட்டத்தில் உள்ள பொது விதி. வழக்கமாக அதைப் பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். தறி பழுதாகி வருந்தி எழுதியவருக்கு முதல் பதிலிலேயே அதை அனுப்பினால், அவர் அடுத்த கடிதத்தை வழக்கறிஞரிடம் கொடுத்து எழுதச் சொல்வார். சொன்ன புதிய தேதியும் தவறினால் அப்போது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துவிட்டோம்.

பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதிய பதில் நான்கே பத்திதான். முதலில் மார்ச் 4ஆம் தேதி மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம் என்றும், மூன்று வாரத் தாமதத்தை அறிந்துகொண்டோம் என்றும் எழுதினோம். அதோடு நிறுத்தினால் புதிய தேதிக்கு நாம் இசைந்துவிட்டோம் என்று பின்னால் சொல்ல இடமுண்டு. ஆகவே, ‘எங்கள் உரிமைகளுக்குக் குறைவின்றி’ என்னும் பொருளில் ‘ஸூ ரெஸேர்வ்’ என்று தொடங்கும் தொடரைச் சேர்த்தோம். அடுத்து, நம் நிலையை நட்டக் கணக்காக விரிக்காமல், எந்த நாளில் தையல் தொடங்கினால் உடைகள் கப்பலைப் பிடிக்கும் என்பதை மட்டும் சொன்னோம்.

மூன்றாவது பத்திதான் கடிதத்தின் உயிர். மார்ச் 18க்குள், அதாவது அவர்களே சொன்ன பதினைந்து நாளுக்குள், 1,200 மீட்டரை விமானத்தில் அனுப்ப இயலுமா என்பதை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று உறுதியாகத் தெரிவிக்கும்படி கேட்டோம். அவர்கள் பதினைந்து நாள் என்பது, நாமும் பேச்சில் சொல்வதுபோல், இரண்டு வாரம்தான், செவ்வாய்க்குச் செவ்வாய். மீதிச் சரக்கு மார்ச் 31ஆம் தேதி கிளம்பவேண்டும் என்றோம். லு ஆவ்ர் துறைமுகத்திலிருந்து கடல் வழியாக வர ஒரு மாதத்துக்கு மேலாகும் என்பதால் விமானம் தவிர வேறு வழியில்லை. அந்தக் கட்டணத்தில் கப்பல் கூலிக்கு மேற்பட்ட வித்தியாசத்தை அவர்கள் ஏற்கவேண்டும் என்றும் கேட்டோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தம்பியின் ஒப்பந்தம் எஃப்.சி.ஏ. முறையிலானது, அதாவது பிரான்சில் நம் சரக்கு முகவரிடம் ஒப்படைத்த பிறகு போக்குவரத்துச் செலவு நம்முடையது. ஆகவே வித்தியாசத்தைக் கேட்க நமக்கு நேரடி உரிமை இல்லை, வேண்டுகோள்தான் வைக்க முடியும். அதற்குரிய தொடர் ‘நூ வூ ஸோரியோன் க்ரே’, ‘தங்களுக்கு நன்றியறிதல் உடையவர்களாவோம்’ என்று பொருள். அதை ‘ஸெரியோன்’ என்று எழுதும் பிழையைப் பிரெஞ்சுக்காரர்களே செய்கிறார்கள். நாம் சரியாக எழுதினால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 18ஆம் தேதி உறுதி, விமான வித்தியாசத்தில் பாதி அவர்களுடையது என்று எழுதியிருந்தார்கள். இந்த முறை ‘எவாந்துயெல்மான்’ இல்லை, வினைச்சொல்லும் தயங்கவில்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார், ஆகவே எண்களைப் பற்றி நான் விரிவாக வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். ஆயிரத்து இருநூறில் நாம் போடும் காற்புள்ளி பிரெஞ்சில் தசமப் புள்ளியாகும். லேஸ் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கப்படும் பொருள் என்பதால், அதை ஒரு மீட்டர் இருபது என்று அவர்கள் நம்பவும் கூடும். ஒன்றுக்கும் இருநூறுக்கும் நடுவே வெறும் இடைவெளி விடுங்கள். முடிவில், கடிதத்தை ‘மதாம், மெஸ்யே’ என்று தொடங்கியிருந்தால், விடைபெறும் வணக்கத் தொடரிலும் அதே விளி மாறாமல் வரவேண்டும். நெடுநாள் பழகியவர் என்றால் ‘கோர்தியால்மான்’ என்ற ஒரே சொல் போதும். வணக்கம்.