அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது

நடுவர்: “டொரொன்டோவில் வளரும் நம் பிள்ளைகளிடம் தமிழ் நிலைப்பது சனிக்கிழமை வகுப்பாலா, வீட்டாலா? வீட்டின் பக்கம் பேச அடுத்தவரை அழைக்கிறேன்.”

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணியில் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் ஆசிரியை அக்காதான் என் மூத்த மகளுக்கு எழுத்துப் பழக்கியவர். அவரை மறுத்துப் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை வீட்டுப்பாடம் இரண்டு மடங்காகிவிடும்.

25 பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கேட்டால் ஒன்ராறியோவில் கல்விச் சபை தாய்மொழி வகுப்பு நடத்தியாக வேண்டும் என்றார். உண்மை. வாரம் இரண்டரை மணி நேரம் என்றார். அதுவும் உண்மை. அந்த இரண்டரை மணியை மட்டும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். வகுப்பில் 20 பிள்ளைகள் என்று வையுங்கள். ஆசிரியை வாயே திறக்காமல் அத்தனை நேரத்தையும் பிள்ளைகளுக்கே பங்கிட்டாலும் தலைக்கு ஏழரை நிமிடம். ஒரு வாரத்துக்கு ஏழரை நிமிடம் பேசி எந்த மொழி வாயில் நிற்கும்?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மகள் நாலு வயதில் பள்ளிக்குப் போனாள். அதுவரை அவளுக்குத் தமிழ் மட்டும்தான். நத்தார் விடுமுறை வருவதற்குள், நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டாள், நானும் எடுத்துக் கொடுத்தேன். தமிழ் அவளுக்குப் பிடிக்காமல் போகவில்லை. அது இல்லாமலும் தண்ணீர் கிடைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள், அவ்வளவுதான். தம்பி பிறந்தபோது நிலைமை இன்னும் மோசம். அவன் ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்கவில்லை, அக்காவிடம் கற்றான். இரண்டாவது பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

(முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, தம் பேரன் பிரெஞ்சு மொழி மிக நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்.)

மகிழ்ச்சி ஐயா. அந்தப் பேரன் உங்களோடு எந்த மொழியில் பேசுகிறான் என்பதுதான் இன்றைய வழக்கு. (சிரிப்பு)

எங்களைக் காப்பாற்றியவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே நான் எவ்வளவு கண்டிப்பாக நின்றாலும் அது நடிப்பு என்று கண்டுகொள்கிறார்கள். அம்மம்மாவிடம் அந்த வேலை நடக்காது.

ஆனால் தொலைபேசியை எடுத்தால் மட்டும் போதாது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் அழைப்போம். அங்கே கோடையில் மாலை ஆறரை, பனிக்காலத்தில் ஏழரை. முதல் இரண்டு ஆண்டுகள் அந்த அழைப்பு எப்படி நடந்தது தெரியுமா? “சாப்பிட்டாயா?” “ஓம்.” “பள்ளிக்கூடம் போகிறாயா?” “ஓம்.” “அம்மாவிடம் கொடு.” முடிந்தது. நூறு முறை அழைத்தாலும் பிள்ளை கற்பது ‘ஓம்’ என்ற ஒரே சொல்.

பிறகு அழைப்புக்கு ஒரு வேலை வைத்தோம். கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று மகள் கேட்டு எழுத வேண்டும். நான் அடுக்களையை விட்டு வெளியே போய்விடுவேன். ‘ஒரு தேசிக்காய் அளவு’ என்று அம்மா சொல்ல, தேசிக்காய் என்றால் என்ன என்று இவள் கேட்க, அவர் மஞ்சள், உருண்டை, புளிப்பு என்று விளக்க, பத்து நிமிடம் ஓடிவிட்டது. மகனுக்குக் கதை. அம்மா ஒரு நரிக் கதையைத் தொடங்கி நடுவில் நிறுத்திவிடுவார். அடுத்த ஞாயிறு, போன வாரம் எதுவரை வந்தோம் என்று அவன் சொன்னால்தான் கதை நகரும். அந்த ‘எதுவரை’யில்தான் பேச்சு இருக்கிறது.

இதிலும் ஒரு முறை சறுக்கினோம். மகன் ‘அம்மம்மா வந்தான்’ என்று சொல்ல, பக்கத்தில் இருந்த என் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூன்று வாரம் பையன் தொலைபேசிப் பக்கமே வரவில்லை. இப்போது என் அம்மா திருத்துவதில்லை. ‘ஓம், அம்மம்மா வந்தார், வந்து என்ன செய்தார்?’ என்று சரியான சொல்லைத் தன் பதிலில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். ஆசிரியப் பயிற்சி ஏதும் பெறாதவர்.

எதிரணித் தம்பி, தமிழ்த் தொலைக்காட்சியும் யூடியூபும் போதும் என்றார். பாதி சரி. காது பழகும். என் மகன் தமிழ்க் கார்ட்டூன் ஒன்றை ஒரு பருவம் முழுக்கப் பார்த்தான், எல்லாம் விளங்கியது. ஆனால் கார்ட்டூன் அவனிடம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

வாசிப்புக்கு வருகிறேன். இது வகுப்பின் கோட்டை என்று அக்கா சொன்னார். இங்கேதான் நான் அவரோடு முழுதாக மோத வேண்டும். ‘பஸ்’, ‘பந்து’ இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. ஒலி ஒன்றா? பஸ் என்ற சொல்லைக் காதால் அறிந்த பிள்ளை கண்ணால் கண்டதும் சரியாகச் சொல்லும். அறியாத பிள்ளைக்கு எழுத்து எதையும் காட்டிக்கொடுக்காது. ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துப் பழகிய கண் அந்தக் குறியில் முட்டி நிற்கும். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பித்த பிள்ளைகூட ‘தேர்’ என்ற சொல்லின் முன் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். தேரைப் பற்றிக் கேட்டிராததால் வந்த திணறல் அது.

இன்னொன்று, நாங்கள் வீட்டில் ‘வாறன்’ என்போம், புத்தகம் ‘வருகிறேன்’ என்கிறது. பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. எங்கள் வீட்டில் இரவு 15 நிமிடம் ஒரு பக்கம் வாசிப்போம். நான் புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பேன். உடனே பிள்ளை அதையே தன் பேச்சில் சொல்ல வேண்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளில், பக்கத்துக்கு ஓரிரு வரி உள்ளவற்றில் தொடங்கினோம். ஒரே கதையை ஒரு வாரம் வாசித்தால் நாலாம் நாளில் ‘வருகிறேன்’ விளங்கிவிடும். வருடம் முழுக்க இந்த 15 நிமிடங்களைக் கூட்டினால் 91 மணி. வாரம் இரண்டரை என்று 30 சனிக்கிழமைகளைக் கூட்டினால் 75.

அக்கா தலையை அசைக்கிறார். அவருடைய வலுவான வாதத்தையும் நான் மறைக்கவில்லை. தன் வயதுப் பிள்ளைகள் இன்னும் 19 பேர் இதே மொழியோடு மல்லுக்கட்டுவதை வகுப்பு காட்டுகிறது. என் வீட்டால் அது முடியாது. இரண்டு வேலை பார்த்து இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பும் பெற்றோரிடம் போய் 15 நிமிடம் என்று நான் உபதேசம் செய்யவும் மாட்டேன்.

ஆனாலும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் பாடம், நாளிதழ், தொலைக்காட்சி எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசும் இந்தியர்கள் 2010இல் 41.6 விழுக்காடு, 2020இல் 59.2. அந்தக் கணக்கில் தமிழரல்லாத இந்தியரும் அடக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வகுப்பு மூடப்படவில்லை. நழுவியது வீடு.

என் வீட்டில் எல்லாம் வென்றுவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. மகளும் மகனும் தங்களுக்குள் இன்றும் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது ஆகிறது. ஞாயிறு அழைப்புக்கு இன்னும் எத்தனை நாள் வருவாள் என்று எனக்குத் தெரியாது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. போன வாரம் நரி கிணற்றுக்குள் விழுந்த இடத்தில் அம்மா நிறுத்திவிட்டார். நாளை காலை ஒன்பது மணிக்கு அதை என் மகன் மேலே எடுக்க வேண்டும். ‘கயிறு’ என்ற சொல் அவனுக்கு இன்னும் தெரியாது.